இரண்டாம் ஆண்டு நேரடிச் சேர்க்கைக்கான நோக்க அறிக்கை: மின் மற்றும் மின்னணுப் பொறியியல்

மதிப்பிற்குரிய சேர்க்கைக் குழுவினருக்கு,

வணக்கம். மின் மற்றும் மின்னணுப் பொறியியலில் மூன்றாண்டு டிப்ளமோ முடித்துவிட்டு, இரண்டு ஆண்டுகளாக ஒரு மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன். அதே துறையின் இளநிலைப் பொறியியல் படிப்பில் மூன்றாம் பருவத்திலிருந்து சேர விண்ணப்பித்திருக்கிறேன். மதிப்பெண் பட்டியலையும் வேலைச் சான்றிதழையும் தனியே இணைத்திருக்கிறேன். அவற்றில் தெரியாததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பட்டறையில் சேர்ந்த முதல் மாதம் எனக்குக் கிடைத்த வேலை எரிந்த மோட்டார்களைப் பிரித்து, காயில்களை வெட்டி எடுத்து, ஸ்லாட்டைச் சுத்தம் செய்வதுதான். வெட்டுவதற்கு முன் சுற்று எண்ணிக்கை, கம்பியின் தடிமன், காயில் பிட்ச், இணைப்பு எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு எண்ணைத் தப்பாகக் குறித்தால் மறுபடி சுற்றும் மோட்டார் வேறொரு மோட்டாராகிவிடும். ஒருநாள் எங்கள் ஃபோர்மேன் ஒரு ஸ்டேட்டரை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு பேஸ் போயிருக்கு, மோட்டார் ஸ்டார்ல இருந்திருக்கு" என்றார். பெயர்ப்பலகையையோ டெர்மினல் பெட்டியையோ அவர் தொடவே இல்லை. எப்படி என்று கேட்டேன். "ரெண்டு செட் காயில் கரியாயிருக்கு, ஒரு செட் புதுசு மாதிரி இருக்கு பாரு. டெல்டாவா இருந்தா ஒரு செட்தான் கரியும்" என்றார். அதற்கு மேல் அவரிடம் விளக்கம் இல்லை. முப்பது வருடம் பார்த்த கண் அது.

அன்று இரவு வீட்டில் இரண்டு இணைப்பையும் வரைந்து, ஒரு லைனை வெட்டிப் பார்த்தேன். ஸ்டாரில் மிச்சமிருக்கும் இரண்டு பேஸும் தொடராகிவிடுகின்றன. மோட்டார் இழுக்கும் அதிக மின்னோட்டம் இரண்டு வழியாகவும் ஓடுகிறது, மூன்றாவதில் எதுவும் ஓடுவதில்லை. டெல்டாவில் ஒரு பேஸ் மட்டும் முழு லைன் வோல்டேஜுக்கு நேராக நிற்கிறது; மற்ற இரண்டும் தொடராகச் சேர்ந்து அந்த வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்வதால் தப்பிக்கின்றன. டிப்ளமோவில் மூன்று பேஸ் சுற்றுகளை நான் நன்றாகவே படித்திருந்தேன். ஆனால் அதைக் கரிந்த செம்பில் பார்க்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது. மறுநாள் படத்தை ஃபோர்மேனிடம் காட்டினேன். "சரி, இதையெல்லாம் காகிதத்திலயே கண்டுபிடிக்கலாம்னா நான் எதுக்கு?" என்று சிரித்தார். அந்தப் படம் இப்போதும் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

இப்படிக் கையில் இருக்கும் படிப்பு போதுமானதாக இருந்த இடங்கள் பல. போதாமல் போன ஓர் இடத்தைச் சொன்னால்தான் நான் ஏன் விண்ணப்பிக்கிறேன் என்பது புரியும்.

11 கிலோவாட் மோட்டார் ஒன்று ஏழு மாதத்தில் மூன்று முறை எங்களிடம் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சேதம்: ஓவர்லோடில் எரிவதுபோல் காயில் முழுக்கக் கரியவில்லை. லைன் முனையை ஒட்டிய முதல் சில சுற்றுகளில் மட்டும் எனாமல் ஊசி குத்தியதுபோல் போயிருந்தது. மற்ற இடமெல்லாம் வார்னிஷின் பளபளப்புகூடக் குறையவில்லை. முதல் முறை கம்பி சரியில்லை என்று நினைத்தோம். இரண்டாம் முறை கம்பியை மாற்றி, வார்னிஷ் இரண்டு தடவை கொடுத்து, மெகர் வைத்துச் சோதித்து அனுப்பினோம். மெகர் அளவு அருமையாக இருந்தது. மூன்றாம் முறையும் வந்தது. இரண்டாம் முறை சுற்றியது நான். அதனால் என் வேலைமீதே எனக்குச் சந்தேகம் வந்தது.

நேரில் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மோட்டாரை நேரடி சப்ளையிலிருந்து மாற்றி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் ஒன்றின் மூலம் ஓட்டுகிறார்கள். டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையே 60 மீட்டர் கேபிள். அங்கு வந்திருந்த டிரைவ் சர்வீஸ்காரர் "அவுட்புட்டில் ஒரு சோக் போடுங்கள்" என்றார். போட்டோம், பதினான்கு மாதமாக மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு "நீளக் கேபிளுக்குப் போடணும்" என்பதுதான் பதில். பிரச்சினை தீர்ந்ததால் எல்லோரும் விட்டுவிட்டார்கள். எனக்கு மட்டும் விட மனம் வரவில்லை.

தேடிப் படித்ததில் இவ்வளவு புரிந்தது. 415 வோல்ட் சப்ளையில் டிரைவின் உள்ளே டிசி பஸ் ஏறக்குறைய 587 வோல்ட். டிரைவ் அதை வெட்டி வெட்டித் துடிப்புகளாக அனுப்புகிறது. ஒரு துடிப்பு ஏற எடுத்துக்கொள்ளும் நேரம் 0.1 மைக்ரோ விநாடி என்று வைத்துக்கொண்டால், கேபிளில் அலை ஒரு மைக்ரோ விநாடிக்குச் சுமார் 150 மீட்டர் போகும் என்ற கணக்கில்:

```
l = v × t / 2 = 150 × 0.1 / 2 = 7.5 m
```

கேபிள் இந்த 7.5 மீட்டரைத் தாண்டினால், துடிப்பு மோட்டார் முனையில் மோதித் திரும்பும்போது வோல்டேஜ் இரு மடங்கை நெருங்கும். எங்கள் மோட்டாரில் அது 1,170 வோல்ட் அளவுக்கு. அதோடு, இவ்வளவு வேகமாக ஏறும் வோல்டேஜ் காயில் முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. பெரும்பங்கை முதல் சில சுற்றுகளே தாங்க வேண்டியிருக்கிறது. அவை மட்டும் போனது ஏன், மெகர் ஏன் எதையும் சொல்லவில்லை என்பதெல்லாம் அப்போது விளங்கியது. மெகர் காயிலுக்கும் உடலுக்கும் நடுவேதான் பார்க்கிறது. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே பார்ப்பதில்லை.

ஆனால் "இரு மடங்கு" எங்கிருந்து வருகிறது? கேபிளின் சர்ஜ் இம்பிடன்ஸ், மோட்டாரின் சர்ஜ் இம்பிடன்ஸ், பிரதிபலிப்புக் குணகம் என்று புத்தகம் சொன்னது. இன்னும் ஒரு படி பின்னால் போனால் பகுதி வகைக்கெழுச் சமன்பாடு. அங்கே நின்றுவிட்டேன். சூத்திரத்தில் எண்ணைப் போட எனக்குத் தெரியும். அந்தச் சூத்திரத்தை எழுதியவர் எங்கே தொடங்கினார் என்பது தெரியாது. நான் படிக்க வருவது அதற்காகத்தான்.

கணிதத்தைப் பற்றி நானே சொல்லிவிடுவது நல்லது. டிப்ளமோ இரண்டாம் பருவத்தில் கணிதத்தில் ஒரு அரியர் இருந்தது. அடுத்த பருவத்தில் எழுதித் தேறினேன். நேரடிச் சேர்க்கையில் முதலாண்டுக் கணிதம் விட்டுப்போகும் என்பதும், மூன்றாம் பருவ ஆசிரியர் அது தெரியும் என்று வைத்துக்கொண்டே தொடங்குவார் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் எட்டு மாதமாக, வேலைக்குக் கிளம்பும் முன் காலை ஐந்து முதல் ஏழு வரை படிக்கிறேன். வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், கலப்பெண்கள் முடித்தாயிற்று. மேட்ரிக்ஸில் ஐகன் மதிப்பு வரை வந்திருக்கிறேன். லாப்லாஸ் உருமாற்றம் முதல் மாதம் ஏதோ மந்திரம் மாதிரி இருந்தது. பயிற்சிக் கணக்குகளால் அது மாறவில்லை. நான் செய்த ஒரு தவறால் மாறியது.

ஓர் இயந்திரத்தின் 24 வோல்ட் சாலினாய்டு வால்வு, கட்டுப்பாட்டு அட்டையின் டிரான்சிஸ்டரை அடிக்கடி காலி செய்துகொண்டிருந்தது. காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு போட்டேன். டிரான்சிஸ்டர் பிழைத்தது, வால்வு தாமதமாக மூட ஆரம்பித்து, இயந்திரம் வெட்டும் நீளம் மாறிப்போனது. ஆபரேட்டர் என்னைத் திட்டியதில் நியாயம் இருந்தது. அன்று மாலை காயிலின் மின்தடையை அளந்தேன்: 80 ஓம். இண்டக்டன்ஸ் 0.4 ஹென்றி. நேர மாறிலி 5 மில்லி விநாடி. மின்னோட்டம் 0.3 ஆம்பியரிலிருந்து, வால்வு கைவிடும் 0.1 ஆம்பியருக்கு இறங்க 5.5 மில்லி விநாடி என்று கணக்கில் வந்தது. 1 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால் 9.

இந்த வித்தியாசம் இரண்டு நாள் தூங்கவிடவில்லை. கடைசியில் பார்த்தால், நான் இண்டக்டன்ஸை அளந்தது பிளஞ்சர் வெளியே இருந்தபோது. வால்வு வேலை செய்யும்போது பிளஞ்சர் உள்ளே இழுக்கப்பட்டிருக்கும். காற்று இடைவெளி குறைந்து இண்டக்டன்ஸ் கூடிவிடும். பிளஞ்சரை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி அளந்தேன். 0.63 ஹென்றி, கணக்கு 8.7 மில்லி விநாடிக்கு வந்தது. டையோடோடு ஒரு சீனரைத் தொடரில் சேர்த்ததும் வால்வு பழையபடி சட்டென மூடியது. அதற்குப் பிறகு அதே சுற்றை லாப்லாஸில் எழுதிப் பார்த்தேன். விடை எப்படி இருக்க வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்ததால், ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

டிப்ளமோ மாணவர்கள் செய்முறையில் கெட்டி, தியரியில் வீக் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை, மீதிப் பாதி, அப்படிச் சொல்லியே எங்களைத் தியரி பக்கம் போகவிடாமல் செய்வது. என்னிடமும் பட்டறைப் பழக்கம் ஒன்று உண்டு: யோசிப்பதற்கு முன் ஸ்பேனரை எடுத்துவிடுவேன். அந்த மோட்டாரை இரண்டாம் முறை சுற்றுவதற்கு முன்பே "எங்கே ஓடுகிறது?" என்று கேட்டிருந்தால் ஒரு மோட்டாரின் செம்பு மிஞ்சியிருக்கும். இப்போது எந்த வேலை வந்தாலும் நோட்டில் முதல் வரியாக அந்தக் கேள்வியைத்தான் எழுதுகிறேன்.

உங்கள் பாடத்திட்டத்தில் மூன்றாம் பருவத்திலேயே மின்காந்தப் புலக் கோட்பாடு வருகிறது. மின் இயந்திரங்கள் பாடத்தைவிட அதற்குத்தான் நான் அதிகம் தயாராக வேண்டும்; வெக்டர் கால்குலஸைச் சேர்க்கைக்கு முந்தைய இரண்டு மாதத்துக்கு என்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். பிரிட்ஜ் வகுப்பு நடத்துவதாக இருந்தால், கட்டாயம் இல்லாவிட்டாலும் வருவேன். பட்டறை வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கப் போகிறேன். இரண்டு ஆண்டுச் சம்பளத்தில் அதற்கென்று சேமித்திருக்கிறேன்.

இறுதியாண்டுத் திட்டப்பணியைப் பற்றி இப்போதே பேசுவது கொஞ்சம் அவசரம்தான், ஆனாலும் எழுதிவிடுகிறேன். சுற்றுகளுக்கு இடையிலான இன்சுலேஷனைச் சோதிக்க சர்ஜ் ஒப்பீட்டுச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. ஒரு கெப்பாசிட்டரை இரண்டு பேஸ்களிலும் மாறி மாறி டிஸ்சார்ஜ் செய்து, அலை வடிவங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். ஒரு சுற்று ஷார்ட் ஆகியிருந்தால் இண்டக்டன்ஸ் குறைந்து, அலைகள் பொருந்தாமல் விலகும். எங்களைப் போன்ற சிறிய பட்டறைகளில் அந்தக் கருவி இருப்பதில்லை. குறைந்த செலவில் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. சுவிட்ச், கெப்பாசிட்டர், பாதுகாப்புச் சுற்று வரைக்கும் நோட்டில் வரைந்துவிட்டேன். இரண்டு அலைகளும் எவ்வளவு விலகினால் பழுது, எவ்வளவு வரை வெறும் சுற்று வித்தியாசம் என்று முடிவு செய்யும் பக்கம் மட்டும் காலியாக இருக்கிறது. நேர்காணலுக்கு அழைத்தால் அந்த நோட்டையும் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்