சோடாபுட்டிக்கு 40

எல்லாரும் கையில கிளாஸ் எடுத்தாச்சா? இருங்க இருங்க, குடிச்சிடாதீங்க, நான் ரெண்டு வார்த்த பேசணும், கேஸ் போறதுக்குள்ள முடிச்சிடுறேன், நல்லா சில்லுன்னுதான் இருக்கு, கொஞ்ச நேரம் தாங்கும்.

இவன எனக்கு ஆறாங்கிளாஸ்ல இருந்து தெரியும். 29 வருஷம். அப்ப மூக்குல நிக்காத ஒரு தடிக் கண்ணாடியோட வந்து பக்கத்துல உக்காந்தான், அன்னைக்கு சாயங்காலமே ஸ்கூல் பூரா சோடாபுட்டின்னு பேரு பரவிடுச்சு. யாருடா வெச்சதுன்னு ரொம்ப நாள் தேடினான், நானும் கூடவே சேந்து தேடினேன். மச்சான், இன்னைக்கு உன் பர்த்டே, அதனால சொல்லிடுறேன். நான்தான் வெச்சேன். (அம்மா, நீங்க முறைக்காதீங்க, உங்களுக்கு அப்பவே தெரியும்.)

இவன் இருக்கானே, பரீட்சைக்கு முந்துன நாள் ராத்திரி எனக்கு கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுத்தவன். பாட்டில குலுக்குனா குட்டிக் குட்டி குமிழி உள்ள பூரா பரவிடும், மூடிய தொறந்ததும் கேஸ் எல்லாம் அதுல சேந்து ஒரேடியா பொங்கி ஜூஸையும் இழுத்துக்கிட்டு வெளிய வரும்னு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தான். பரீட்சைல அந்த கேள்வி வரவே இல்ல, அது வேற கதை. அவ்ளோ தெரிஞ்ச மனுஷன் இப்ப அர மணி நேரத்துக்கு முன்னாடி, ஸ்டைலா தொறக்குறேன்னு பாட்டில குலுக்கி, சீலிங்கயும் என் சட்டையயும் நனைச்சான் பாருங்க, அதுவும் தன்னோட பார்ட்டிக்கே 45 நிமிஷம் லேட்டா வந்து! தங்கச்சி, இவன நீ எப்படிம்மா சமாளிக்கிற?

சரி, ஒரே ஒரு விஷயம், கிண்டல் இல்லாம. நான் குடிய விட்டப்ப ஆளாளுக்கு அட்வைஸ் பண்ணாங்க, சில பேர் ஒரு பெக்ல ஒண்ணும் ஆகாதுன்னு கையில திணிச்சாங்க. இவன் ஒண்ணுமே கேக்கல. அடுத்த பார்ட்டிக்கு ரெண்டு பாட்டில் ஜிஞ்சர் ஏல கக்கத்துல இடுக்கிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்தான், எனக்கும் ஊத்தி அவனுக்கும் ஊத்திக்கிட்டான். இவன் குடிக்கிறவன்தான், ஆனா அன்னைக்கு இருந்து நான் இருக்குற எடத்துல ஒரு சொட்டு தொட்டதில்ல. ஆறு வருஷம் ஆச்சு. அத பத்தி நாங்க பேசினதே இல்ல, இப்பதான் மொத தடவ வாய விட்டு சொல்றேன்.

அந்த ரெண்டு பாட்டில்ல ஒன்னே முக்கால இவனே குடிச்சிட்டு ராத்திரி பூரா ஏப்பம் விட்டான், அதயும் சொல்லணும்ல.

டேய், கண்ணாடிய தொடைக்கிற மாதிரி கண்ண தொடைக்காத, எல்லாரும் பாக்குறாங்க. கிளாஸ தூக்குங்கப்பா எல்லாரும். எங்க சோடாபுட்டிக்கு, ஹேப்பி பர்த்டே மச்சான், சியர்ஸ்!