பொருள்: ஜூலை 1 முதல் உங்கள் கணக்குப் பொறுப்பு – முதலில் தேவைப்படுபவையும் தொடர்புக்குரியவர்களும்

மதிப்பிற்குரிய மீனாட்சி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சுங்குடிச் சேலை வியாபாரத்தின் கணக்கையும் ஜி.எஸ்.டி. தாக்கலையும் எங்களிடம் ஒப்படைக்க முன்வந்ததற்கு மனமார்ந்த நன்றி. அப்பா காலத்து வியாபாரம் என்று நீங்கள் சொன்னபோதே இதன் அருமை எங்களுக்குப் புரிந்தது. ஜூலை 1 முதல் பொறுப்பு எங்களுடையது. முதல் வேலையாக, ஜூலை 11-ஆம் தேதிக்குள் ஜூன் மாத விற்பனை விவரத்தையும் (GSTR-1), 20-ஆம் தேதிக்குள் வரி கட்டும் படிவத்தையும் (GSTR-3B) தாக்கல் செய்வோம்.

மற்ற எதற்கும் முன்பாக ஒன்று தேவை. ஜி.எஸ்.டி. தளத்தில் பதிவாகியிருக்கும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவையாக இருக்க வேண்டும். சென்ற செவ்வாய்க்கிழமை கடையில் நாம் தளத்தைத் திறக்க முயன்றபோது, ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வராமல் முன்பு கணக்குப் பார்த்தவரின் போனுக்குப் போனதை நீங்களே பார்த்தீர்கள். துறை அனுப்பும் நோட்டீஸ் பற்றிய தகவலும் அதே எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும்தான் போகும்; பதில் சொல்லவேண்டிய கெடு உங்களுக்குத் தெரியாமலேயே கடந்துவிடக்கூடும். பழையவரிடம் சுமுகமாகப் பேசி, ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால், Services > Registration > Amendment of Registration Non-Core Fields என்ற பகுதியில் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை. அவர் ஒத்துழைக்காவிட்டால், உங்கள் அடையாளச் சான்றுகளுடன் உங்கள் வட்டத்துக்குரிய ஜி.எஸ்.டி. அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நானே உடன் வருகிறேன். பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் எவருக்கும், எங்களுக்கும்கூட, அனுப்ப வேண்டாம்.

அடுத்து, ஜூன் மாதக் கொள்முதல் பில்கள் அனைத்தும் ஜூலை 5-ஆம் தேதிக்குள் எங்கள் கைக்கு வர வேண்டும். காடாத் துணி பில்களை நீங்கள் ஒழுங்காகக் கோத்து வைத்திருப்பதைப் பார்த்தேன். சாயப்பொடி பில்கள்தான் கல்லாப்பெட்டிக்குள் மடிந்து கிடக்கின்றன. சேலைக்கு நீங்கள் வசூலிக்கும் வரி 5 சதவீதம், சாயத்துக்கு நீங்கள் கொடுக்கும் வரி 18 சதவீதம் என்பதால், தொலையும் ஒவ்வொரு சாய பில்லும் உங்கள் கைப்பணம்தான். பில் கையில் இருந்தால் மட்டும் போதாது. மாதந்தோறும் தாக்கல் செய்யும் வியாபாரி தன் GSTR-1-ஐ 11-ஆம் தேதிக்குள் போட்டால்தான் அந்த வரி 14-ஆம் தேதி உருவாகும் GSTR-2B என்ற கொள்முதல் வரிப் பட்டியலில் உங்கள் பெயரில் ஏறும். அதில் ஏறாததை நாம் கழித்துக்கொள்ள முடியாது. அன்று நான் கையில் எடுத்துப் பார்த்த மார்ச் மாத சாய பில் ஒன்றில், 33 என்று தொடங்கும் உங்கள் பதினைந்து இலக்க ஜி.எஸ்.டி. எண்ணின் கடைசி எழுத்து தவறாக அச்சாகியிருந்தது. விற்றவரிடம் இப்போதே சொல்லித் திருத்தச் செய்யுங்கள். அந்த நிதியாண்டு பில்லுக்கு வரும் நவம்பர் 30 வரைதான் அவகாசம் உண்டு.

இவற்றோடு பான் கார்டு நகல், ஏப்ரல் 1 முதலான வங்கிக் கணக்கு அறிக்கை, கடைசியாகத் தாக்கல் செய்த வருமான வரிப் படிவம், பழையவரிடம் உள்ள டேலி பேக்கப் ஆகியவற்றையும் அனுப்புங்கள். பேக்கப் கிடைக்கத் தாமதமானால் அதற்காக மற்றவற்றை நிறுத்தி வைக்க வேண்டாம். இத்துடன் இணைத்துள்ள ஒப்பந்தக் கடிதத்தைப் படித்து, கட்டணப் பகுதியில் ஐயமிருந்தால் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

அன்றாட பில்கள், கணக்குப் பதிவு எல்லாவற்றுக்கும் முத்துலட்சுமியைக் கேளுங்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக ஜவுளிக்கடைக் கணக்குகளை மட்டுமே பார்த்து வருபவர். இந்த மின்னஞ்சலுக்கு அப்படியே பதில் எழுதினால் அவருக்கும் வந்து சேரும். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை, நேற்று உங்களை அழைத்த அதே அலுவலக எண்ணில் அவர் கிடைப்பார். துறையிலிருந்து கடிதமோ நோட்டீஸோ எது வந்தாலும் நேரத்தைப் பார்க்காமல் நேரடியாக என்னை அழையுங்கள். நான் பார்ப்பதற்கு முன் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலை 11 மணிக்கு முத்துலட்சுமி கடைக்கு வந்து, பில்களை உங்களுடன் உட்கார்ந்து பிரித்து எடுத்துக்கொள்வார். அதற்குள் பழைய கணக்காளரிடம் அந்த ஓ.டி.பி. பற்றிப் பேசி, அவர் சொல்லும் பதிலை எனக்கு ஒரு வரியில் தெரிவித்தால் போதும்.

அன்புடன்,
கதிரேசன்
வரி ஆலோசகர்
மேலமாசி வீதி, மதுரை