பன்னெண்டாயிரம் வேணும் மாப்ள, ஜூலை 7 திங்கக்கிழமை திருப்பித் தர்றேன்

மாப்ள செந்திலு, 25.5.2025, ஞாயிறு ராத்திரி

போன்ல கேக்கலாம்னு மத்தியானம் ரெண்டு தடவ உன் நம்பர எடுத்தேன். அடிக்காமயே வச்சுட்டேன். போன்ல கேட்டா நீ யோசிக்கக்கூட நேரம் எடுக்காம "சரிடா"ன்னு சொல்லிருவ. அப்புறம் வீட்டுல உக்காந்து கணக்குப் பாத்து முழிப்ப. அதான் எழுதுறேன். நிதானமா படிச்சுட்டு நாளைக்கோ நாளான்னைக்கோ சொல்லு.

முதல்ல விஷயம். எனக்கு 12,000 ரூபா கைமாத்தா வேணும். வர்ற சனிக்கிழமை, மே 31, உனக்கு வாரச் சம்பளம் வாங்கினதுக்கு அப்புறம் போட்டாப் போதும். அதுக்கு முன்னாடி அவசரமில்ல. திருப்பித் தர்றது ஜூலை 7, திங்கக்கிழமை, காலைல பத்து மணிக்குள்ள, முழுசா, ஒரே தடவையா.

இனி எதுக்குன்னு சொல்றேன். ஆட்டோவுக்கு எஃப்.சி. ஜூன் 6ந்தேதி முடியுது. எட்டு வருசம் தாண்டின வண்டி, அதுனால வருசா வருசம் காட்டியாகணும்னு உனக்கே தெரியும். ஜூன் 4 புதன்கிழமைக்குத் தேதி போட்டாச்சு. இந்தத் தடவை சும்மா கழுவித் தொடச்சுக் கொண்டுபோனா ஆகாது. இடது பக்கம் கீழ்த்தகடு துருப்பிடிச்சு, விரல வச்சா உள்ள போகுது. டிங்கரிங்கும் பெயிண்டும் சேத்து 9,000. டாப் ரெக்சின் கிழிஞ்சு போச்சு, அது 3,500. பின்னாடி டயர் ரெண்டு 2,600. பிரேக் ஷூ, கேபிள் 900. ஆபீஸ் ஃபீஸ், ஸ்டிக்கர், மத்த சில்லறைன்னு 1,500. ஆக 17,500. கைல இருக்குறது 5,500. இன்சூரன்ஸ் மார்ச்லயே கட்டிட்டேன், அது ஒண்ணுதான் நிம்மதி.

ஒனக்கு ஒரு கேள்வி வரும். வருசா வருசம் வர்ற செலவுதானே, எடுத்து வைக்கலையான்னு. வச்சிருந்தேன்டா. 11,500 தனியா டப்பால கிடந்துச்சு. மிச்சத்த சித்திரைத் திருவிழால ஓட்டிச் சேத்துரலாம்னு கணக்கு. மே 3ந்தேதி அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைஞ்சுருச்சு. எக்ஸ்ரே, மாவுக்கட்டு, மாத்திரைன்னு ஆறாயிரம் போச்சு. கூட இருந்து பாக்க ஆள் இல்ல, நாலு நாள் வண்டியே எடுக்கல. திருக்கல்யாணத்தன்னைக்குத்தான் மறுபடி ஸ்டாண்டுக்குப் போனேன். மாசி வீதிப் பக்கம் எல்லாம் அடைச்சுட்டான், அங்கிட்டு சுத்தி இங்கிட்டு சுத்தி டீசல்தான் செலவு. அழகர் ஆத்துல இறங்குன அன்னைக்கு மட்டும் விடியக்காலைல இருந்து நல்ல ஓட்டம். ஒரு நாள் ஓட்டம் எம்புட்டுக்குக் காணும்? அம்மா இப்ப நல்லாருக்கு. கைல கட்டோட உக்காந்துக்கிட்டு, வெஞ்சனத்துல உப்பு இல்லன்னு உன் தங்கச்சிய விரட்டிக்கிட்டு இருக்கு.

எஃப்.சி. இல்லாம பத்து நாள் ஓட்டுனா என்னன்னு ஸ்டாண்டுல ஒருத்தர் சொன்னாரு. சவாரிக்குன்னா ஒருவேளை யோசிச்சிருப்பேன். ஜூன் 2ந்தேதி பள்ளிக்கூடம் திறக்குது. காலைல உள்ள உக்காருறது அடுத்தவன் புள்ளைங்க. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல கேக்குறதே எஃப்.சி. எங்கன்னுதான். அந்த வேலை எனக்கு வேணாம்.

அந்தப் புள்ளைங்கதான் உனக்குத் திருப்பித் தர்ற கணக்கும். இந்த வருசம் பத்துப் பேரு பேசியிருக்கேன். அஞ்சு அஞ்சா ரெண்டு நடை, அதுக்கு மேல ஏத்துறதில்ல. ஒரு புள்ளைக்கு மாசம் 1,300. ஜூன் மாசத்துக்கு உள்ளது ஜூலை 1ல இருந்து 5க்குள்ள கைக்கு வரும், மொத்தம் 13,000. வீட்டுச் செலவும் வாடகையும் மத்த நேரத்துச் சவாரில ஓடிரும். பள்ளிக்கூடத்துக் காச தொட வேண்டியதில்ல. அதுல 12,000 உனக்குன்னு இப்பவே எழுதி வச்சாச்சு.

ஆனா பத்துப் பேரும் அஞ்சாந்தேதிக்குள்ள குடுத்ததா சரித்திரமே கிடையாது. எப்பவும் ரெண்டு வீட்டுல "அண்ணே, பத்தாந்தேதி தர்றோம்"பாங்க. அப்படி ஆனா கைல 10,400தான் நிக்கும், 1,600 குறையும். அதுக்காக ஜூன் 5ல இருந்து தினம் 60 ரூபா உண்டியல்ல போடப் போறேன். ஒரு மாசத்துல 1,800 சேந்துரும். அதனால அவங்க தாமதம் பண்றது உன் தேதிய அசைக்காது. உண்டியல் சாவி உன் தங்கச்சிகிட்ட இருக்கும், என்கிட்ட இல்ல.

இம்புட்டு விலாவாரியா ஏன் எழுதுறேன்னு உனக்குச் சிரிப்பு வரும். 2022 தீபாவளிய நெனச்சுப் பாரு. மூவாயிரம் வாங்கினேன். "ரெண்டு நாள்ல தர்றேன் மாப்ள"ன்னேன். என்னைக்குன்னு நானும் சொல்லல, நீயும் கேக்கல. ரெண்டு நாள் ரெண்டு வாரமாச்சு, அப்புறம் பொங்கலும் போச்சு. உன் போன் வந்தா எடுக்குறதுக்குப் பதிலா சைலண்ட்ல போட்டேன். நீ காச கேக்கத்தான் அடிக்கிறன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். ஒரு தடவை கூட நீ அதுக்கு அடிக்கலைன்னு பின்னாடிதான் தெரிஞ்சுச்சு. அப்பா படுத்த படுக்கையா கிடக்குறத சொல்லத்தான் அடிச்சிருக்க. காரியத்துக்கு வந்தப்ப உன் முகத்தப் பாத்து ஒரு வார்த்தை பேச முடியல எனக்கு. பிப்ரவரில கவர்ல போட்டுக் குடுத்தேன், நீ எண்ணிக்கூடப் பாக்காம சட்டைப்பைல வச்சுக்கிட்ட. அந்த மூவாயிரத்துக்கு நான் வட்டி கட்டலைன்னு நீ நெனைக்கலாம். கட்டுனேன்டா, வேற மாதிரி.

அதுனாலதான் இந்தத் தடவை தேதிய மொதல்ல சொல்லிட்டுக் காச கேக்குறேன். ஜூலை 7 வரைக்கும் நீ என்னைக்கு அடிச்சாலும் எடுப்பேன். காசப் பத்தி நீ பேச வேண்டியதே இல்ல. ஜூலை 1ந்தேதி ராத்திரி நானே உனக்கு ஒரு மெசேஜ் போடுவேன், எம்புட்டு கைக்கு வந்துருக்குன்னு. எதுவும் சரியில்லைன்னா அன்னைக்கே தெரிஞ்சுரும், ஏழாந்தேதி காலைல உன்ன முழிக்க வைக்க மாட்டேன்.

வேற வழி பாக்காம உன்கிட்ட வரல. நகை இல்ல. உன் தங்கச்சி செயின் போன வருசம் மூத்தவ காலேஜ் ஃபீசுக்காக சொசைட்டில வச்சது, இன்னும் அங்கதான் இருக்கு. குழுக் கடன் ஆறு தவணை பாக்கி, அது முடியாம அடுத்தது தர மாட்டாங்க. தண்டல்காரர் ஸ்டாண்டுக்கே வந்து "எம்புட்டு வேணும்"னு கேட்டுட்டுப் போனாரு. பத்தாயிரம்னு எழுதுவாரு, 1,500 பிடிச்சுக்கிட்டு 8,500 கைல குடுப்பாரு, தினம் நூறு ரூபா, நூறு நாளைக்கு. எனக்கு வேண்டியது அஞ்சு வாரத்துக்கு. அதுக்குப் போயி செப்டம்பர் வரைக்கும் தினம் காலைல அவர் மூஞ்சில முழிக்கணுமா?

உன் நிலமையும் எனக்குத் தெரியும். சின்னவன பதினொண்ணாம் வகுப்புல சேக்கணும், ஜூன் மாசம் ஃபீசு கட்டணும். கம்பெனில ஆர்டர் குறைஞ்சு ஓவர்டைம் இல்லன்னு போன மாசம் சொன்ன. அதுனால முடியாதுன்னா "இல்ல மாப்ள"ன்னு ரெண்டு வார்த்தை போடு, காரணம் எழுதாத. நான் கேட்டத மறந்துட்டு வழக்கம் போல மீம்ஸ் அனுப்பிக்கிட்டு இருப்பேன். பாதிதான் முடியும்னாலும் சொல்லு. ஆறாயிரம்னா டயரையும் டாப்பையும் எனக்குத் தெரிஞ்ச கடைல சொல்லி வச்சு, டிங்கரிங்க முடிச்சுருவேன். அந்த ஆறாயிரத்துக்கும் தேதி அதே ஜூலை 7தான். வெளில வட்டிக்கு வாங்கி மட்டும் குடுத்துராத, உன்னப் பத்தி எனக்குத் தெரியும்.

இன்னொண்ணு. தங்கச்சி லட்சுமிகிட்ட சொல்லிட்டே குடு. இந்த மெசேஜையே காட்டு, ஒண்ணும் மறைக்க வேண்டியதில்ல. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச கடனா இருந்தா, நாளைக்கு உங்க வீட்டுல வந்து ஒரு வாய் காபி குடிக்கும்போது எனக்குத் தொண்டைல இறங்காது. என் வீட்டுல அவளுக்குத் தெரியும், பக்கத்துல உக்காந்து "தேதிய இன்னொரு தடவ எழுதுங்க"ன்னு சொல்லிக்கிட்டு இருக்கா. எழுதிட்டேன்: ஜூலை 7.

வண்டிய புதன்கிழமை, 28ந்தேதி, பட்டறைல விடுறேன். கைல இருக்குற காசுல அட்வான்ஸ் குடுத்துருவேன். ஞாயித்துக்கிழமை காலைல வண்டிய எடுக்கும்போதுதான் மிச்சத்தக் கேப்பாங்க. அதான் சனிக்கிழமைன்னு சொன்னது. நீ செவ்வாய்க்கிழமைக்குள்ள ஆமா இல்லைன்னு சொல்லிட்டா, பட்டறைல என்னென்ன வேலைக்குச் சொல்றதுன்னு நான் முடிவு பண்ணிக்குவேன்.

போடுறதா இருந்தா இந்த வாட்ஸ்அப் நம்பருக்கே ஜிபே பண்ணு. பழைய நம்பர்ல இருக்குற பேங்க் கணக்குக்குப் போட்டுராத, அதுல மினிமம் பேலன்ஸ் இல்லாம மைனஸ்ல கிடக்கு, வந்த காச அவன் மொதல்ல கடிச்சுருவான். மொதல்ல ஒரு ரூபா போட்டு, என் பேரு வருதான்னு பாத்துட்டு மிச்சத்தப் போடு. அந்த ஒரு ரூபாயும் ஏழாந்தேதி சேந்துதான் வரும்.

முருகேசன்