கயல்விழியின் கல்யாணத்துக்கு வர இயலாமல் எழுதிய பதில்

திருவையாறு
20.1.2026

அன்புள்ள சேது,

நீயும் தங்கை மீனாட்சியும் தாம்பூலத் தட்டோடு வந்து அழைத்துவிட்டுப் போன பிறகு, உங்கள் பத்திரிகை சுவாமி படத்துக்கு முன்னால்தான் இருக்கிறது. வசந்தா அதைத் தினமும் ஒரு தடவை எடுத்துப் படிக்கிறாள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். இரண்டிலும் உன் அம்மா பெயரை முதலில் போட்டிருக்கிறாய். அதைப் பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி 8 ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு நானும் வசந்தாவும் வர முடியாது. முதல் நாள் மாலை மாப்பிள்ளை அழைப்புக்கும் வர முடியாது.

நீங்கள் வந்துபோன மறுவாரம்தான் வாத்தியார் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணனுக்குத் தலைத்திவசம் தை மாதத் தேய்பிறை சப்தமியில் வருகிறது. அந்தத் திதி இந்த ஆண்டு 8ஆம் தேதியில்தான் விழுகிறது. அண்ணனுக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். கொள்ளி வைத்தவன் நான்; வருஷத் திதியும் நான்தான் கொடுக்க வேண்டும். முதல் நாள் ஒருபொழுது, மறுநாள் காலையில் பூசப் படித்துறையில் முழுக்கு, பிறகு வீட்டில் திவசம். மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடுவது வழக்கம் என்பதால் ஆற்றில் தண்ணீர் குறைவாகத்தான் இருக்கும். முழங்கால் அளவு இருந்தால் போதும் என்கிறார் வாத்தியார்.

போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "சரி, சரி, அதைப் பார்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாய். பிறகு ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டு கிடப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணி என்ன சொன்னார்கள் தெரியுமா? "முகூர்த்தம் ஏழரைக்கு. திவசம் மத்தியானம்தானே? கார் வைத்துக்கொண்டு போய், அட்சதை போட்டுவிட்டு, பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். சேது வேறு யாரோ அல்ல" என்றார்கள். அந்தத் துக்கத்திலும் அவர்களுக்கு உன் வீட்டு நினைப்பு இருக்கிறது. நானும் ஒரு நாள் முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மனம் ஒப்பவில்லை. திவசம் வைத்திருப்பவன் அன்றைக்கு மணவறை அருகில் நிற்பது நம் பக்கத்தில் வழக்கமில்லை. நீ அதையெல்லாம் பார்க்க மாட்டாய். உன் அம்மா பார்ப்பார்கள். பார்த்தாலும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். எண்பத்தெட்டு வயதில், பேத்தி கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில் அவர்கள் மனதில் ஒரு சிறு உறுத்தல்கூட என்னால் வரக் கூடாது. கல்லூரியில் படித்த காலத்தில் ஞாயிறுதோறும் எனக்குச் சோறு போட்ட கை அது.

இன்னொன்றும் உண்டு. அண்ணனுக்கு அந்த ஒரு நாளை நான் முழுதாகக் கொடுக்க வேண்டும். 1977 நவம்பர் புயலில் பஸ் ஓடாதபோது, விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டிச் சைக்கிளிலேயே கும்பகோணம் வந்து, நம் இருவரையும் கண்ணால் பார்த்த பிறகுதான் அண்ணன் தண்ணீர் குடித்தார். உன்னைத்தான் முதலில் கேட்டார்: "சேது, நீ சாப்பிட்டாயா?" அவருக்குரிய நாளில் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மந்திரம் சொல்ல முடியாது. இது உனக்குப் புரியும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டின் சார்பில் மூத்தவள் செல்வியும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சனிக்கிழமை காலையிலேயே திருச்சியிலிருந்து வந்துவிடுவார்கள். அவள் வேறு வீட்டுக்கு வாழப்போனவள். எந்தத் தடையும் இல்லை. மீனாட்சிக்குக் கூடமாட நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவளை விருந்தாளியாக உட்காரவைத்துவிடாதீர்கள்.

அவள் கையில் ஒரு குத்துவிளக்கு வருகிறது. நாச்சியார்கோயிலில் செய்தது, மூன்றடி உயரம், ஐந்து முகம். பட்டறையில் வார்ப்புக்குக் காவிரி வண்டலைத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்த மண்ணுக்கு வேறெங்கும் ஈடில்லை என்று வேலை செய்கிறவர் ஒரு பிடி அள்ளிச் செல்வி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாராம். விளக்கு நான்கு துண்டாகக் கழலும்: அடித்தட்டு, தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம். மரை மெல்லியது. கையால் மட்டும் திருகச் சொல். இடுக்கி வைத்துத் திருகினால் பித்தளை வழுக்கிவிடும். அன்னத்தின் அலகு மணமக்கள் பக்கம் பார்த்திருக்கட்டும். விலை கொடுத்து வாங்கியது செல்விதான், வருவதும் அவள் வீட்டிலிருந்துதான். இதை அம்மாவிடம் நீயே சொல்லிவிடு, அவர்கள் கேட்கும் முன்னால்.

பந்தியை நான் பார்த்துக்கொள்வதாக இருந்தது. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். உன் தங்கை மகன் முருகேசனிடம் பேசிவிட்டேன், பொறுப்பாகச் செய்வான். இலை மட்டும் என் ஏற்பாட்டிலேயே வரும்: தலைவாழை இலை 600, ஏடு 400. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இங்கிருந்து சரக்கு ஆட்டோ கிளம்பும். கட்டை உடனே பிரிக்க வேண்டாம். நிழலில் நிறுத்திவைத்து, ஈரச் சாக்கைப் போர்த்தினால் போதும். தண்ணீரை ஊற்றினால் உள் இலை வெந்ததுபோல் கறுத்துவிடும். முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார் உட்காரும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று, இலையில் எதை எதோடு சாப்பிடுவது என்று சொல்லிக்கொடுக்கட்டும். புனேயிலிருந்து வருகிறவர்களுக்கு வத்தக்குழம்பின் உறைப்பு பழக்கம் இருக்காது. தயிர்ப் பச்சடி தாராளமாக இருக்கட்டும்.

அவர்களுக்கும் நான் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், பெண்ணின் பெரியப்பா முறையில் ஒருவர் ஏன் வரவில்லை என்று தவறாக எண்ணிக்கொள்வார்கள். ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், அம்மா வாசிப்பதற்காக. வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதல் வார்த்தை அந்த வீட்டின் மூத்தவர் வாயிலிருந்து வருவதுதான் மரியாதை. வெள்ளிக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்து காபி சாப்பிட்ட பிறகு இதை வாசிக்கச் சொல்:

"டியர் சார் அண்ட் மேடம், நமஸ்தே. ஐ ஆம் சேதுராமன்ஸ் கிளாஸ்மேட். கயல் இஸ் லைக் மை ஓன் டாட்டர். ஆன் தி எய்த், ஐ ஹேவ் டு பர்ஃபார்ம் தி ஃபர்ஸ்ட் ஆன்னுவல் செரிமனி ஆஃப் மை எல்டர் பிரதர். சோ மை வைஃப் அண்ட் ஐ கெனாட் பீ வித் யூ தட் மார்னிங். பிளீஸ் ஃபர்கிவ் அவர் ஆப்சென்ஸ். யூ ஆர் கிவிங் அவர் கேர்ள் அ குட் ஹோம், அண்ட் வீ ஆர் கிரேட்ஃபுல். அவர் டோர் இஸ் ஓப்பன் டு யூ ஆல்வேஸ்."

மாப்பிள்ளைப் பையனுக்குத் தனியாக:

"மை டியர் நிகில், கயல் கால்ஸ் மீ பெரியப்பா. யூ ஆல்சோ கால் மீ தட். டேக் கேர் ஆஃப் ஹர், அண்ட் லெட் ஹர் டேக் கேர் ஆஃப் யூ. பிஃபோர் யூ கோ பேக், சீ தி பிக் டெம்பிள் இன் தஞ்சாவூர். ஆன் இட்ஸ் வால் தேர் இஸ் அ வெரி லாங் இன்ஸ்கிரிப்ஷன் இன் யுவர் மதர் டங். யூ ஆர் நாட் அ ஸ்ட்ரேஞ்சர் ஹியர்."

சேது, இதை நான் ஒப்புக்கு எழுதவில்லை. மகன் மராட்டியப் பெண்ணைக் கட்டினாலும் மகள் மராட்டியப் பையனைக் கட்டினாலும் இங்கே சிலர் முணுமுணுப்பார்கள். உன் காதிலும் விழுந்திருக்கும். அவர்களுக்கு நீ சொல். சிவாஜியின் தம்பி வெங்கோஜி தஞ்சாவூரைப் பிடித்ததிலிருந்து 1855 வரை இந்த மண்ணை ஆண்டது போன்ஸ்லே வம்சம். அந்த வம்சத்தின் வரலாற்றைத்தான் 1803இல் இரண்டாம் சரபோஜி பெரிய கோயில் சுவரில் மராட்டியில் வெட்டிவைத்தார். சரஸ்வதி மகாலில் மோடி எழுத்துச் சுவடிகள் இன்னும் இருக்கின்றன. ராஜராஜன் தமிழில் வெட்டிய அதே கோயிலில் அந்த மொழியும் இருக்கிறது. நிகிலைக் கூட்டிக்கொண்டு போய் அந்த எழுத்தை அவனே வாசிக்கும்படி செய். தேவநாகரியில்தான் இருக்கிறது, பழைய நடை என்றாலும் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் அவனுக்குப் பிடிபடும்.

கயலுக்கு இதை நீ படித்துக் காட்ட வேண்டும்.

கயல் கண்ணு, பெரியப்பா வரவில்லையே என்று மணவறையில் உட்கார்ந்து தேடாதே. அன்று ஏழரை மணிக்கு நான் ஆற்றங்கரையில் இருப்பேன். எழுந்து கிழக்கே பார்த்து உன்னை வாழ்த்துவேன். உன்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு சப்தஸ்தானப் பல்லக்கு பார்க்கவைத்த உன் மூத்த பெரியப்பாவுக்கும் சேர்த்து வாழ்த்துவேன். பெரியம்மா உனக்கு அரக்கில் மாம்பழ நிறக் கரை போட்ட திருபுவனம் பட்டு எடுத்து வைத்திருக்கிறாள். அதைச் செல்வியிடம் கொடுக்க மாட்டாளாம். நீ வந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

ஆகையால் சேது, இது என் வேண்டுகோள். 8ஆம் தேதியோடு எங்கள் வீட்டுத் துக்கம் கழிகிறது; பிறகு எந்தச் சுபத்துக்கும் தடையில்லை. 11ஆம் தேதி புதன்கிழமை மணமக்களும், சம்பந்தி வீட்டாரும், நீயும் மீனாட்சியும் அம்மாவும் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வர வேண்டும். ஒரு வருடமாக இந்த வீட்டில் இனிப்பு கிண்டவில்லை. அண்ணி தன் கையாலேயே அசோகா கிண்டுவதாகச் சொல்லிவிட்டார்கள். பாசிப்பருப்பும் நெய்யும் வாங்கி வைத்தாகிவிட்டது. புது நெல்லும் வந்திருக்கும். அம்மாவுக்குப் படியேறச் சிரமம் என்றால் கொல்லைப்புறமாகக் காரை விட்டுவிடலாம், அங்கே படியில்லை. சாப்பிட்டுவிட்டு மாலையில் அப்படியே பெரிய கோயிலுக்குப் போய்வரலாம், பதின்மூன்று கிலோமீட்டர்தானே.

எத்தனை பேர் வருவீர்கள் என்று திங்கட்கிழமை இரவுக்குள் வசந்தாவிடம் சொல்லிவிடு. காரில் இடம் போதாவிட்டால் இங்கிருந்து ஒரு வேன் அனுப்புகிறேன்.

உன் அன்புள்ள
ராசகோபால்

பி.கு.: இலைக்கட்டு வரும் ஆட்டோக்காரருக்கு வாடகை கொடுத்தாகிவிட்டது. நீ மறுபடி கொடுக்காதே. ஒரு வேளை சாப்பாடு போட்டு அனுப்பு.