தம்பியின் கணினி: ஏப்ரல் முதல் நவம்பர் வரை எதை எப்போது வாங்குவது

தம்பி,

நேற்று போனில் பேசியதை வைத்து உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டேன். உன் கையில் இப்போது 1,100 வெள்ளி இருக்கிறது. ஓவர்டைம் பார்க்கும் மாதங்களையும் சேர்த்து, மாதம் 600 ஒதுக்க முடியும் என்கிறாய். கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து ஆரம்பிக்க ஆசைப்படுகிறாய். எனக்குப் புரிகிறது, ஆனால் அதை நவம்பருக்குத் தள்ளியிருக்கிறேன். காரணம் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

இந்தத் திட்டத்துக்கு ஒரே ஒரு விதிதான். வாங்குகிற எந்தப் பொருளும் வாங்கிய ஓரிரு நாளிலேயே ஓடவேண்டும். பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைக்கிற வேலை வேண்டாம். நான் முதல் கணினி சேர்த்தபோது மார்ச்சில் மதர்போர்டு வாங்கினேன், செப்டம்பரில்தான் ப்ராசசருக்குக் காசு வந்தது. மாட்டிப் பார்த்தால் உயிரே இல்லை. சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தது. ஆறு மாதம் கழித்து அது கடையில் வளைந்ததா, என் கையில் வளைந்ததா என்று யார் நிரூபிப்பது? கடைக்காரர் கையை விரித்துவிட்டார். வாரண்டியும் ரசீதுத் தேதியிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும், நீ பிரித்தாயா இல்லையா என்று பார்க்காது.

சரி, முதலில் ஏப்ரல், அதாவது இந்த மாதம். கணினிப் பாகத்தில் பவர் சப்ளை மட்டும். 650 வாட், கோல்டு தரம், 350 வெள்ளிக்குள். இதை ஏன் முதலில் வைத்தேன் என்றால், உன் பழைய கணினியிலேயே உடனே மாட்டலாம். ஏடிஎக்ஸ் அளவு மாறவில்லை, 24 பின் இணைப்பும் அதேதான். பதினொரு வருடம் ஓடிய அந்தப் பழைய பவர் சப்ளையை நம்பிப் புதுப் பொருளைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. 650 போதுமா என்று கேட்பாய். நமக்கு வரப்போகும் ப்ராசசர் முழு வேகத்தில் இழுப்பது 88 வாட். கார்டு 180 வாட் என்று வைத்துக்கொள். மதர்போர்டு, ரேம், காற்றாடி எல்லாம் சேர்ந்தாலும் 350-ஐச் சுற்றித்தான் நிற்கும். பின்னால் பெரிய கார்டு போட நினைத்தாலும் இடம் இருக்கிறது. ஆனால் ஒன்று: பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் சொருகாதே. முனை பொருந்தினாலும் உள்ளே கம்பி வரிசை வேறாக இருக்கும், எரிந்துவிடும்.

மே, ஜூனில் எதுவும் வாங்காதே. மிச்சமுள்ள 750 ஜூலைக் கடைசியில் 2,550 ஆகும். அப்போது ப்ராசசர், மதர்போர்டு, ரேம் மூன்றையும் ஒரே நாளில் வாங்குகிறோம். இந்த மூன்றில் எது இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் வெறும் பெட்டிதான், அதனால்தான் பிரிக்கவில்லை.

ப்ராசசர் ரைசன் 5 7600, 780 வெள்ளி ஒதுக்கியிருக்கிறேன். பெட்டியிலேயே கூலர் வரும், அதற்குத் தனிச் செலவில்லை. கடையில் 7500எஃப் குறைந்த விலையில் காட்டுவார்கள், வேண்டாம். அதில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. 7600-இல் சின்னதாக ஒன்று இருக்கிறது. அதை வைத்துப் பெரிய கேம் ஆட முடியாது, ஆனால் திரையில் படம் வரும். உன் பழைய 1050 டிஐ கார்டு திடீரென்று செத்தாலும் கணினி ஓடும், கோளாறு கார்டிலா வேறு இடத்திலா என்றும் தெரிந்துவிடும். பாகம் பாகமாகச் சேர்ப்பவனுக்கு இந்த வசதி பெரிது.

மதர்போர்டு பி650, மைக்ரோ ஏடிஎக்ஸ், 580 வெள்ளி. ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-க்குப் பிறகும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்னும் மூன்று வருடம் கழித்து 7800எக்ஸ்3டி போன்ற வேகமான ப்ராசசரை இதே போர்டில் மாற்றிக்கொள்ளலாம்.

ரேம்தான் தலைவலி. போன வருடக் கடைசியில் ஏற ஆரம்பித்த விலை நம் கணக்கைக் கெடுத்துவிட்டது. ஒரே 16 ஜிபி துண்டு மட்டும், டிடிஆர்5-6000, 750 வெள்ளி. இரண்டு 8 ஜிபி வேண்டாம். பின்னால் இன்னும் இரண்டு சேர்த்து நான்காக்கினால் ஏஎம்5-இல் வேகம் நன்றாக இறங்கிவிடும். ஒற்றைத் துண்டில் ஓடும்போது கொஞ்சம் வேகம் குறையும், உன் பழைய கார்டுக்கு அது பெரிய நஷ்டமில்லை. ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது இடத்தில் மாட்டு. பயோஸில் `EXPO` என்பதை இயக்கு, இல்லாவிட்டால் 6000-க்குக் காசு கொடுத்து 4800-இல் ஓட்டுவாய். மாடல் எண்ணைப் படம் எடுத்து வை, இரண்டாவது துண்டு அதே எண்ணாக இருக்கவேண்டும். விலை இன்னும் ஏறுமோ என்று பயந்து இப்போதே வாங்கலாமா என்று நானும் யோசித்தேன். உன் பழைய போர்டு டிடிஆர்3, அதில் போட்டுச் சோதிக்க வழியே இல்லை. அதனால் ஜூலைதான்.

கோலாலம்பூர் லோயாட்டில் நானே மூன்றையும் வாங்கி, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் பினாங்குக்குக் கொண்டுவருகிறேன். சனிக்கிழமை உன் வீட்டில் சேர்த்து ஓடவிட்டு, ஞாயிறு முழுக்க ரேமைச் சோதிக்கும் `MemTest86`, அப்புறம் ஏதாவது ஒரு கேம். கோளாறு இருந்தால் திங்கட்கிழமையே கடையில் நிற்பேன்.

அதற்குமுன் உன் படங்களையும் கோப்புகளையும் வேறு டிஸ்க்கில் நகலெடுத்து வை. எஸ்எஸ்டியை அழித்து விண்டோஸ் 11 புதிதாகப் போடவேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. உன் வலோரன்ட்டும் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் கேட்கும். பழைய கணினியில் அது நடக்கவில்லை, புதியதில் நடக்கும்.

கார்டை ஏன் முதலில் வாங்கக்கூடாது? பழைய ஐ5-இல் நான்கு கோர், நான்கு திரெட். 2,000 வெள்ளிக் கார்டைப் போட்டாலும் ப்ராசசர் கொடுக்கிற வேகத்துக்குத்தான் அது ஓடும். ஜூலையில் அடித்தளம் மாறியதும், பழைய 1050 டிஐ-யிலேயே வலோரன்ட், டோட்டா 2 இரண்டும் இப்போது இருப்பதைவிடச் சீராக ஓடும். அந்த நான்கு மாதம் நீ சும்மா காத்திருக்கப் போவதில்லை.

நவம்பர்ச் சம்பளம் வந்ததும் கையில் 2,840 இருக்கும். கார்டுக்கு உச்சவரம்பு 2,100. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி அல்லது ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, எது மலிவோ அது, ஆனால் 16 ஜிபிதான். இரண்டுமே 8 ஜிபியிலும் வருகின்றன, பெயர் ஒன்றே, ஏமாந்துவிடாதே. கேசிங்கின் உள்நீளத்தை இந்த வாரமே அளந்து அனுப்பு. 260 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் இரண்டு காற்றாடிக் கார்டுதான் பார்க்கவேண்டும்.

மிச்சம் 740-இல், டிசம்பர்ச் சேமிப்போடு இரண்டாவது ரேம் துண்டு. புது எஸ்எஸ்டி அடுத்த வருடம். உன் 500 ஜிபியில் ஒரே நேரத்தில் மூன்று பெரிய கேம் இருந்தே ஆகவேண்டும் என்றில்லை. மானிட்டர், புதுக் கேசிங், விளக்கு எரியும் காற்றாடி எல்லாம் அதற்கும் பிறகு. பழைய கேசிங்கின் முன்பக்கத் தூசு வலையைக் கழுவி, 30 வெள்ளியில் ஒரு காற்றாடி போட்டால் போதும்.

ஏப்ரலிலேயே இன்னொன்றும் வாங்கு: மின்னல் பாதுகாப்பு உள்ள நல்ல நீட்டிப்புப் பலகை. மாலையில் இடி இடித்தால் அதையும் நம்பாமல் பிளக்கைப் பிடுங்கிவிடு, இன்டர்நெட் கேபிளையும் சேர்த்து. போன மழையில் அம்மா வீட்டு ரூட்டர் போனது நினைவிருக்கும்.

கேசிங் அளவு வந்ததும் பவர் சப்ளை வாங்க இந்தச் சனிக்கிழமை போகிறேன்.

அண்ணன்