பால்கனிக் கம்பியில் சீரியல் லைட் மாட்ட அனுமதி கேட்டு

பாளையங்கோட்டை
9 நவம்பர் 2025

அன்புள்ள பரமசிவம் அண்ணாச்சிக்கு,

வணக்கம். நீங்களும் மதினியும் தென்காசியில் நலமாக இருக்கிறீர்களா? மதினிக்கு முழங்கால் வலி என்று போன மாதம் போனில் சொன்னீர்கள், இப்போது தேவலையா? இங்கே நாங்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறோம். அம்மா உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் வீட்டில் எதையாவது மாட்டுவது, அடிப்பது என்றால் எழுத்தில் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று நம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதற்காகத்தான் கடிதமாக எழுதுகிறேன்.

கேட்க வந்தது இதுதான். வருகிற நவம்பர் 30 ஞாயிறு முதல் ஜனவரி 6 செவ்வாய் வரை, மாடி பால்கனியின் முன்பக்கக் கம்பியில் இரண்டு சீரியல் லைட் தொங்கவிட அனுமதி வேண்டும். ஆணி, துளை, கட்டுக்கம்பி எதுவும் கிடையாது. கையால் மாட்டிக் கையால் கழற்றுகிற கொக்கிகளில்தான் மாட்டுவேன்.

அந்தக் கம்பி விஷயத்தில் உங்களுக்கு எவ்வளவு மனவருத்தம் இருந்தது என்று எனக்குத் தெரியும். நாங்கள் 2024 ஜூனில் வீடு பார்க்க வந்தபோது நீங்கள் முதலில் காட்டியது அதைத்தான். முன்னால் குடியிருந்தவர்கள் துணி காயப்போடக் கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டி, பெயிண்ட் அறுந்து, அந்த இடத்திலிருந்து துரு வழிந்து, கீழே வெள்ளைச் சுவரில் காப்பி நிறத்தில் ஒரு கோடு முழ நீளத்துக்கு இறங்கியிருந்தது. இந்த ஏப்ரலில் நீங்களே வெயிலில் நின்று கம்பி முழுவதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லி, ரெட் ஆக்சைடு ஒரு கை, பழுப்பு எனாமல் இரண்டு கை அடிக்க வைத்தீர்கள். அந்த வேலை நடந்த மூன்று நாளும் நான் கூட நின்றவன். அதைக் கெடுக்கிற மாதிரி ஒன்றை நான் செய்ய மாட்டேன்.

பின்னே எதற்கு இந்த விளக்கு என்று கேட்பீர்கள். அம்மாவுக்காகத்தான் அண்ணாச்சி.

எங்கள் ஆட்கள் வீட்டில் டிசம்பர் பிறந்துவிட்டால் ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ் வரும். உங்களுக்கும் தெரியும், பாளையங்கோட்டையில் இருந்தவர்தானே. பையன்கள் கிட்டாரும் டிரம்முமாக, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட ஒருவரோடு, தெருத்தெருவாக வருவார்கள். வாசலில் நின்று ஒரு பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, வாழ்த்துச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். இருட்டில் எந்த வீடு என்று அவர்கள் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஸ்டாரையும் லைட்டையும் பார்த்துத்தான்.

போன வருஷம் ஒப்பந்தத்தை நினைத்து பால்கனியில் நான் எதுவும் மாட்டவில்லை. ஸ்டாரை ஹால் ஜன்னலுக்கு உள்ளே தொங்கவிட்டேன். முன்னால் நிற்கிற வேப்பமரமும் சன்ஷேடும் சேர்ந்து அதைத் தெருவுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டன. அன்றைக்கு அம்மா பத்து மணிக்கே சுக்குக் காப்பி போட்டு பிளாஸ்கில் ஊற்றி, தட்டில் இருபது டம்ளரைக் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு துண்டையும் போட்டு மூடி வைத்திருந்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து அம்மாவுக்கு வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது. மாடிப்படி முப்பத்து நான்கும் அவர்களுக்கு எட்டாத தூரம். பன்னிரண்டரை மணிக்கு எதிர்வீட்டு வாசலில் பாட்டுச் சத்தம் கேட்டது. அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு பால்கனிக் கதவு வரைக்கும் வந்துவிட்டார்கள். பாட்டு முடிந்தது, வேன் திரும்பியது, போய்விட்டது. நான் படியிறங்கி ஓடியும் பிடிக்க முடியவில்லை. மேலே வந்து பார்த்தால், அம்மா டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "மேல ஆள் இருக்கது பையனுகளுக்குத் தெரியல, பாவம்" என்று மட்டும் சொன்னார்கள். கோபமோ குறையோ அந்தக் குரலில் இல்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

இந்த வருஷம் சபையில் கேரல் லிஸ்டில் பெயர் கொடுத்துவிட்டேன். ஆனால் ஒரு குழு மட்டும் வருவதில்லை, வாலிபர் குழு, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள், பக்கத்து சபைக்காரர்கள் என்று பல பேர் வருவார்கள். எல்லாரிடமும் சொல்லி வைக்க முடியாது. பால்கனியில் விளக்கு எரிந்தால் அதுவே சொல்லிவிடும். அம்மாவுக்கும் சாயங்காலம் அங்கே நாற்காலி போட்டு உட்காரும்போது வெளிச்சமாக இருக்கும்.

இனி கொக்கியைப் பற்றி. இதில் நான் கொஞ்சம் நேரம் செலவழித்துத்தான் முடிவுக்கு வந்தேன். முதலில் பின்னால் பசை ஒட்டின கொக்கிதான் வாங்கினேன். அப்படியே கம்பியில் ஒட்டிப் பார்க்க மனசு வரவில்லை. எங்களுடைய பழைய இரும்புக் கட்டிலின் காலில் அதே பழுப்பு எனாமலை அடித்து, ஒரு மாதம் காயவிட்டு, அதில் இரண்டு கொக்கியை ஒட்டிப் பத்து நாள் விட்டேன். எடுக்கும்போது ஒன்று சுத்தமாக வந்தது. இன்னொன்று விரல் நகம் அளவுக்குப் பெயிண்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்தது. அதனால் கம்பியில் பசை வேண்டவே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது வாங்கியிருப்பது பிளாஸ்டிக் கிளிப். துணி கிளிப் மாதிரி வாய் திறந்து உருண்டைக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். உள்பக்கம் மெல்லிய ரப்பர் இருக்கிறது, இரும்பு எங்கும் இரும்பில் உரசாது. கம்பி மொத்தம் 14 அடி. முக்கால் அடிக்கு ஒன்று வீதம் 20 கிளிப் போதும். சீரியல் லைட் ஒன்றைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 280 கிராம்தான். அதனால் கம்பிக்குப் பாரம் என்று ஒன்றுமில்லை. அதே கட்டில் காலில் இந்தக் கிளிப்பையும் மாட்டி, தினமும் தண்ணீர் தெளித்து இரண்டு வாரம் வைத்தேன். கழற்றித் துடைத்தால் மாட்டின இடம் எது என்று தேட வேண்டியிருந்தது. கிளிப்புக்கு அடியில் ஈரம் தங்கிவிடக்கூடாது என்பதற்காக, வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டுவேன்.

வயர் ஹாலுக்குள் வருகிற இடத்தில் மட்டும், கதவுப் பக்கத்து வழுவழு டைல்ஸில், பட்டையைக் கீழே இழுத்தால் விடுபடுகிற ஒட்டுக் கொக்கி இரண்டு வைத்துக்கொள்ளலாமா? டைல்ஸில் பெயிண்ட் இல்லை என்பதால் அங்கே உரிகிற பயம் கிடையாது. அதுவும் வேண்டாம் என்றால் கதவு நிலையோரமாகத் தரையிலேயே வயரை விட்டுவிடுகிறேன்.

அப்புறம் கரண்ட். இதுதான் உங்களுக்கு முதலில் தோன்றும் என்று நினைக்கிறேன், இரும்புக் கம்பி, மழைக்காலம் வேறு. 2023 டிசம்பரில் பெய்த மழையை நம் திருநெல்வேலிக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. கடையில் மலிவாகக் கிடைக்கிற சீரியல் செட்டுகள் பலதும் 230 வோல்ட்டில் நேராக ஓடுபவை. வயர் எங்காவது உரிந்தால் கம்பி முழுவதும் ஷாக் அடிக்கும். அம்மா பிடித்து நிற்கிற கம்பி அது. ஆகவே நான் வாங்கியது அடாப்டர் வைத்தது. அடாப்டர் ஹாலுக்குள் பிளக்கிலேயே இருக்கும், வெளியே போகிற வயரில் 24 வோல்ட்தான் இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயின் போர்டில் இருக்கிற டிரிப் சுவிட்ச் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்றும் பார்த்துவிட்டேன், உடனே விழுகிறது. இடி மின்னலோ பலத்த மழையோ இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். வீட்டில் யாரும் இல்லாதபோதும் போட மாட்டோம்.

ஒரு லைட் 6 வாட், இரண்டுக்கும் சேர்த்து 12 வாட். சாயங்காலம் ஆறரையிலிருந்து பத்தரை வரை எரிந்தால் 38 நாளுக்கும் சேர்த்து இரண்டு யூனிட்கூட வராது. அதுவும் எங்கள் மீட்டரில்தான் ஓடும். கேரல் வருகிற நாட்களில் மட்டும் பையன்கள் வந்து போகிற வரைக்கும் எரியும்.

கீழ்வீட்டு அக்காவிடமும் கேட்டுவிட்டேன். அவர்கள் பேரக்குழந்தை தூங்குகிற அறை நேர் கீழே இருக்கிறது. மினுக்மினுக்கென்று விட்டு விட்டு எரியாமல் ஒரே சீராக எரிகிற மஞ்சள் வெளிச்சமாக இருந்தால் ஒன்றும் தொந்தரவு இல்லை என்றார்கள். அப்படியே வாங்கியிருக்கிறேன். டிசம்பர் 3 திருக்கார்த்திகைக்கு அவர்கள் கீழே வாசலில் அகல் வைக்கும்போது மேலேயும் வெளிச்சம் இருக்கும் என்று அக்காவுக்குச் சந்தோஷம்தான்.

ஸ்டாருக்குத் தனியாக எதுவும் தேவையில்லை. பால்கனிக் கூரையில் துணிக்கொடி கட்ட நீங்கள் ஏற்கனவே போட்டிருக்கிற கொக்கியிலேயே தொங்கவிடுகிறேன். மழைக்குத் தாங்குகிற பிளாஸ்டிக் ஸ்டார்தான், உள்ளே சின்ன எல்.இ.டி. பல்பு. அதற்கான வயர் கம்பிப் பக்கம் வராமல் கூரையோரமாகவே ஹாலுக்குள் வந்துவிடும்.

மாட்டுவதற்கு முன்னால் கம்பியை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன். ஜனவரி 7 புதன்கிழமை எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துவிட்டு, அதே இடங்களை மறுபடி எடுத்து அனுப்புகிறேன். எங்காவது ஒரு கீறல் விழுந்திருந்தாலும், அந்த இடத்தில் மட்டும் தொட்டு வைக்காமல், ஏப்ரலில் வேலை செய்த அதே பெயிண்டரைக் கூப்பிட்டு அந்தக் கம்பி முழுவதையும் என் செலவில் அடித்துத் தருகிறேன். அட்வான்ஸில் கழிக்கிற பேச்சுக்கே இடம் வராது.

உங்களுக்கு இதில் எது சரிப்படவில்லை என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள். நாள் அதிகம் என்றால் டிசம்பர் 15-லிருந்து மட்டும் மாட்டுகிறேன். நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றால் ஒரு கிளிப்பை மட்டும் மாட்டிக் காட்டுகிறேன், வருகிற அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இங்கேதான். கம்பி வேண்டாம் என்பதே உங்கள் முடிவு என்றால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன், ஸ்டார் மட்டும் கூரைக் கொக்கியில் இருக்கட்டும்.

சம்மதம் என்றால் இந்தக் கடிதத்தின் கீழேயே "சம்மதம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால் போதும். நவம்பர் 23-க்குள் கிடைத்தால் நல்லது, அதற்கடுத்த ஞாயிறு மாட்ட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு
தங்கள் அன்புள்ள
ஜெபராஜ்
(மாடி வீடு)

பி.கு.: தண்ணீர் மோட்டாரில் வந்த சத்தத்துக்கு பேரிங் மாற்றியாயிற்று, 650 ரூபாய் ஆனது. பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இந்த மாத வாடகை வழக்கம்போல ஐந்தாம் தேதியே அனுப்பிவிட்டேன், வந்ததா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மதினிக்கு அம்மா ஒரு பாட்டில் முடக்கத்தான் எண்ணெய் எடுத்து வைத்திருக்கிறார்கள், அடுத்த வாரம் தென்காசிப் பக்கம் வரும்போது கொண்டுவந்து தருகிறேன்.