கல்யாண வீட்டார் மொத்தப் பேருக்கும் அலங்காரம்: மண்டப மேலாளருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் பெண்களுக்குப் பார்லரும் ஆண்களுக்குச் சலூனும் ஒரே கட்டடத்தில் நடத்தி வருகிறேன். தி.நகரில் உள்ள உங்கள் மண்டபத்தில் கல்யாணம் வைக்கும் குடும்பங்களுக்கு அலங்கார ஏற்பாட்டை நிரந்தரமாக எங்களிடம் தர வேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன்.

மணப்பெண்ணுக்கு ஆர்ட்டிஸ்ட்டை மாதக்கணக்கில் முன்பே பேசிவிடுகிறார்கள். திண்டாட்டமெல்லாம் மற்றவர்களுக்குத்தான். முகூர்த்தம் ஆறு மணிக்கு என்றால், நாலு மணிக்கே அம்மா, அத்தை, சித்தி, நாத்தனார் எல்லோரும் ஒரே கண்ணாடி முன்னால் நிற்பார்கள். பட்டுப்புடவையின் கொசுவம் நிற்காது. குழந்தைக்குத் தலை பின்ன ஆள் கிடைக்காது. அந்த நேரத்தில் வெளியே எந்தப் பார்லரும் திறந்திருக்காது.

இதற்காகவே, ரிசப்ஷன் முடிந்த ராத்திரியே எங்கள் பெண்கள் புடவைகளை வாங்கி, கொசுவமும் முந்தானை மடிப்பும் எடுத்து, அயர்ன் செய்து, பெயர்ச்சீட்டு ஒட்டி அடுக்கிவைத்துவிடுவார்கள். விடிகாலையில் உடுத்திக்கொள்ளப் பத்து நிமிஷம் போதும். அதோடு தலை பின்னி, பூ வைத்து, லேசான மேக்கப்பும் போடுவோம். ஆண்களுக்கு முந்தின நாள் மாலையே ஷேவிங், ட்ரிம்மிங்.

20 பேருக்கு ரூ.18,000. கூடுதலாக வரும் ஒவ்வொருவருக்கும் ரூ.750. பார்லர், சலூன் சேவைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், அதுவும் இந்த ரேட்டிலேயே அடக்கம், பில் உண்டு. மண்டபத்துக்குக் கல்யாணம் ஒன்றுக்கு ரூ.1,500 அறை வாடகையாகத் தருகிறோம். அந்தத் தொகையை வீட்டார் தலையில் கட்ட மாட்டோம்.

எங்களுக்குத் தேவை ஒரு ஏ.சி. அறை, பெரிய கண்ணாடி, இரண்டு பிளக் பாயின்ட். சென்னைப் புழுக்கத்தில் ஃபேனுக்குக் கீழே போட்ட மேக்கப் தாலி கட்டும் வரைகூடத் தாங்காது, அதனால்தான் ஏ.சி.யை வற்புறுத்திக் கேட்கிறேன்.

சுத்தத்தில் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஆளுக்கொரு புது பிளேடு, தனித் துண்டு. 48 மணி நேரத்துக்கு முன்பே தோலில் தடவிப் பார்க்காமல் யாருக்கும் டை அடிக்க மாட்டோம். ‘கறுப்பு மருதாணி’ கேட்டாலும் போட மாட்டோம். அதில் கலக்கும் ரசாயனத்தால் கை கொப்பளித்துப்போகும்.

முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் ஆட்கள் கலைந்துவிடுவார்களோ என்று நீங்கள் நினைக்கலாம். அப்போது அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் போகிறோம்: கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன்னால் மாணவர்களுக்கு முடிவெட்டு, அலுவலகத்துப் பொங்கல் விழாவுக்குப் புடவை கட்டிவிடுவது. எல்லோரும் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்கள். அதனால் உங்கள் மண்டபத்துக்கு எப்போதும் பழகிய முகங்களே வரும்.

வரும் ஆவணியில் ஒரே ஒரு கல்யாணத்துக்கு எங்களைச் சொல்லிப் பாருங்கள். வீட்டாருக்குத் திருப்தியாக இருந்தால் மட்டும் ஆண்டு ஒப்பந்தம் பேசலாம். செவ்வாய்க்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை. அன்று காலை பதினொரு மணிக்கு, மடித்துவைத்த மாதிரிப் புடவையோடு உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
பார்லர் மற்றும் சலூன் உரிமையாளர்,
மேற்கு மாம்பலம், சென்னை